முப்பது எழுத்தில் மூச்சுத் திணறும் கணினி

எழுத்துத் தொடரில் குறிப்பிட்ட வடிவத்தைத் தேடப் பயன்படுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். பைதானில் இந்த வடிவத்தைப் பாருங்கள்:

```
^(a+)+$
```

தொடர் முழுக்க a மட்டும்தானா என்பதே கேள்வி. aaa! என்று கொடுத்தால் கடைசி ஆச்சரியக்குறியில் பொருத்தம் தவறுகிறது. ஆனால் தேடல் அங்கே நிற்பதில்லை. மூன்று a-க்களை வேறு விதமாகப் பிரித்தால் பொருந்துமோ என்று பின்வாங்கி முயல்கிறது: aaa, aa+a, a+aa, a+a+a. நான்கு வழியும் அதே ஆச்சரியக்குறியில்தான் முட்டும். முந்தைய தோல்வியை நினைவில் வைக்காததுதான் வினை.

ஒரு a கூடினால் வழிகள் இரட்டிக்கும். முப்பது a என்றால் 53 கோடிக்கு மேல்! ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டாலோ நொடியில் விடை வந்துவிடும். அதனால்தான் சரியான உள்ளீட்டை மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படுவதே இல்லை. பொருந்தாத தொடரை ஓரெழுத்தாக நீட்டிப் பாருங்கள். நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டித்தால் கோளாறு இதுவே.

இங்கே வெளி + தேவையே இல்லை, ^a+$ போதும். கூகுளின் ஆர்இ2 பின்வாங்காமலே தேடுகிறது. அதற்கு விலையாக, முன்பு பொருந்திய பகுதியை வடிவத்துக்குள் மறுபடி சுட்டும் வசதி அதில் கிடையாது.