கசங்கும் என்று எழுதும் கடை

புது லினன் சட்டைகள் வந்ததும் கடைகள் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகின்றன. ‘காலத்தை வென்ற நேர்த்தி’ என்ற வரியைப் படித்து யாரும் அளவு தேர்ந்தெடுக்க முடியாது.

“தோள் தையல் ஓர் அங்குலம் கீழே இறங்கி நிற்கும், உடம்பில் தளர்வு உண்டு. ஒட்டினாற்போல் வேண்டுமென்றால் ஓர் அளவு குறைத்து வாங்குங்கள்” என்றால் முடியும்.

நிறத்தில்தான் சிக்கல் அதிகம். ஆளிச்செடியின் தண்டை வயலிலேயே பனியில் போட்டுப் பதப்படுத்துவதால், சாயமேற்றாத லினனில் சாம்பல் கலந்த பழுப்பு தங்குகிறது. அறுவடைக்கு அறுவடை அது மாறும். ‘மணல் நிறம்’ என்றால் மஞ்சளா, சாம்பலா? பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதாவிட்டால் பார்சல் திரும்பி வரும்.

கசங்குவதையும் மறைப்பதற்கில்லை. ஆளி நாருக்கு மீள்தன்மை குறைவு. உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பு விழும். முன்கூட்டித் துவைக்காத துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், துவைத்த துணியில் தைத்ததா என்பதும் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும்.