விடுபட்ட ஆண்டுகளை எவ்வாறு எழுதுவது?

காரைதீவிலும் அதனை அடுத்த கல்முனை, நிந்தவூர் முதலிய ஊர்களிலும், பட்டம் பெற்ற பிள்ளையைக் கண்டால், "அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டதா?" என்றே உறவினர் வினவுவர். பழைய சிவில் சேவை 1963 மே மாதம் முதலாந் திகதி நீங்கி நிர்வாக சேவை வந்த பின்னரும் அவ்வினா மாறவில்லை.

அச்சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு 28 வயதே உச்ச எல்லையாக இருந்து வந்துள்ளது. பட்டம் கைக்கு வரும்போதே பலருக்கு 25 வயதாகிவிடுகிறது. வர்த்தமானி அறிவித்தல், பரீட்சை, பெறுபேறு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டே பரீட்சைகள் மூன்று ஆண்டுகளை விழுங்குவதில் வியப்பில்லை. அதன்பின் தனியார் நிறுவனத்தை நாடும்போது அந்த ஆண்டுகளே கேள்விக்குரியனவாகின்றன.

ஒரு வணிகப் பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். 2020 இல் பட்டம் பெற்றவர், 2023 இன் இறுதியில் கல்முனையிலுள்ள நிறுவனமொன்றின் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். சுயவிபரக்கோவையில் அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால், பார்ப்பவர் நோயோ, வேலை நீக்கமோ என ஐயுறுவார். மாலை வகுப்பில் கற்பித்ததை "முழுநேர ஆசிரியர்" என எழுதினாலோ, ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டவுடன் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நாம் பரிந்துரைப்பது இதுவே: "2020–2023: அரச சேவைப் போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தம், இரண்டுக்குத் தோற்றியுள்ளேன். அக்காலத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் பதினைந்து மாணவருக்குக் கணக்கீடு கற்பித்தேன். உறவினரின் கடைப் பேரேட்டையும் எழுதினேன்." இவை உண்மையாயின் மட்டுமே எழுதத் தக்கவை. பரீட்சைப் பெறுபேற்றுத் தாளையும், கடைக்காரரின் கடிதத்தையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். தேறாத பெறுபேறும், பரீட்சைக்குத் தோற்றியமைக்குச் சான்றாகும்.

நேர்முகப் பரீட்சையில் நிறுவனத்தார், "ஏன் தேறவில்லை?" என்று கேட்டாலும் அவர்தம் உள்ளக் கேள்வி வேறு. "அரசாங்கக் கடிதம் வந்தால் மறுநாளே போய்விடுவீரோ?" என்பதே அது. பழக்கிய ஆளை இழப்பது அவருக்கு நட்டமல்லவா? நமது பட்டதாரி, "எனக்கு வயதெல்லை கடந்துவிட்டது, இனி அப்பரீட்சைக்குத் தோற்ற இயலாது, பேரேடு எழுதிய பழக்கத்தை இங்கு பயன்படுத்த விரும்புகிறேன்" என மூன்றே வாக்கியங்களிற் கூறினால் போதும். நீண்ட விளக்கம் குற்றம் மறைப்பது போலத் தோன்றும்.

ஆனால் வயதும் மீதமிருந்து, பெறுபேறும் வரவேண்டியிருந்தால் இவ்விடை பொருந்தாது. அப்போது, "ஒரு பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது, விலக நேர்ந்தால் உரிய முன்னறிவித்தல் தந்தே விலகுவேன்" என்று சொல்வதே முறை. சிலர் அதனால் வேலை தர மறுக்கலாம். மறைத்துச் சேர்ந்து இரண்டாம் மாதம் விலகுபவரோ, அதே ஊரிலிருந்து அடுத்து விண்ணப்பிக்கும் பட்டதாரிக்கும் கதவை அடைத்துவிடுகிறார்.