22-ஆ, 220-ஆ? சர்க்யூட் படத்தை வாசிக்கும் விதம்

பழைய எலெக்ட்ரானிக்ஸ் இதழின் பக்கத்தை நண்பர் ஒருவர் ஃபோனில் படமெடுத்து அனுப்புகிறார். அதிலுள்ள சர்க்யூட்டைச் செய்து பார்க்க உங்களுக்கு ஆசை. கடைக்குப் போகும் முன் பாகங்களின் பட்டியல் வேண்டும். ஆனால் தாள் மடிந்த இடத்தில் ஒரு பூஜ்யம் காணாமல் போயிருக்கிறது. தசமப் புள்ளி எது, தூசி எது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட படத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. அந்தப் பாகத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால்தான் எண் சரியா என்று தெரியும்.

LM386 என்ற எட்டுக்கால் ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். சின்ன ஸ்பீக்கரை ஓட்டுவதற்குப் பல பொழுதுபோக்குச் சர்க்யூட்டுகளில் இதுதான் இருக்கும். படத்தில் இது பக்கவாட்டில் சாய்ந்த முக்கோணமாக வரையப்பட்டிருக்கும். கால் எண்களும் 1, 2, 3 என்ற வரிசையில் இருக்காது. வரைய வசதியான இடத்தில் இருக்கும். ஆகவே கோடு தொடும் இடத்தை விட்டுவிட்டு, அங்கே எழுதியிருக்கும் எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மின்சாரம் வரும் 6-ஆம் காலையும், எர்த்துக்குப் போகும் 4-ஆம் காலையும் பென்சிலால் அடையாளமிடுங்கள். பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், மதிப்பு, இரண்டு முனைகளும் சேரும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதியதும் படத்தில் அதன்மேல் ஒரு டிக். ஏதாவது பாகத்தின் ஒரு முனை எங்கும் போய்ச் சேரவில்லையென்றால், மங்கிப்போன கோடு ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்தச் சர்க்யூட்டுக்கு என் பட்டியல் இப்படி வந்தது:

ஐ.சி: LM386, 9 வோல்ட், 2-ஆம் கால் எர்த்தில்
R1: 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், நடுமுனை 3-ஆம் காலுக்கு
C1: 10 மைக்ரோஃபாரட், 1-க்கும் 8-க்கும் நடுவே, பிளஸ் முனை 1-இல்
C2: 22? மைக்ரோஃபாரட், 5-இலிருந்து ஸ்பீக்கருக்கு, பிளஸ் முனை 5-இல்
C3, R2: 0.05 மைக்ரோஃபாரட், 10 ஓம்; ஒன்றன்பின் ஒன்றாக 5-இலிருந்து எர்த்துக்கு
ஸ்பீக்கர்: 8 ஓம், மறுமுனை எர்த்தில்

C2-வில் 22-க்குப் பின்னால் மடிப்பு. ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டேன். இனி சிக்னல் போகும் வழியை எழுதிப் பார்க்கலாம். ஒலி சிக்னல் வால்யூம் கண்ட்ரோலில் நுழைந்து 3-ஆம் காலுக்குப் போகிறது. ஐ.சி. அதை 20 மடங்கு பெருக்கும். C1 இருப்பதால் 200 மடங்காகிறது. பெருகிய சிக்னல் 5-ஆம் காலில் வெளியே வந்து, C2 வழியாக ஸ்பீக்கரை அடைகிறது.

C2 ஏன் குறுக்கே நிற்கிறது? சத்தமே இல்லாதபோதும் 5-ஆம் காலில் சப்ளையில் பாதி, அதாவது சுமார் 4.5 வோல்ட் இருக்கும். அந்த நேர்மின்சாரம் ஸ்பீக்கரில் பாயாமல் C2 தடுக்கிறது. ஒலியை மட்டும் விடுகிறது. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளையும் அது குறைத்துவிடும். அந்த எல்லையைக் கணக்கிடச் சூத்திரம் உண்டு:

f = 1 / (2πRC)

R என்பது ஸ்பீக்கரின் 8 ஓம். C 22 மைக்ரோஃபாரட் என்றால் எல்லை ஏறக்குறைய 900 ஹெர்ட்ஸ். பேச்சின் அடித்தொனி முழுவதும் மெலிந்து, தகரடப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். 220 என்றால் எல்லை 90 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கருக்கு இது போதும். மடிப்பில் மறைந்தது ஒரு பூஜ்யம்தான். கேள்விக்குறியை அடித்துவிட்டு 220 என்று எழுதினேன்.

C3-யையும் இப்படியே சோதிக்கலாம். புள்ளியும் பூஜ்யமும் அழிந்து 5 மைக்ரோஃபாரட் என்று படித்துவிட்டால், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலியில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு ஓடிவிடும். காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வுகளில் ஐ.சி. தானாக ஊசலாடாமல் பிடித்துவைப்பதுதான் C3, R2 ஜோடியின் வேலை. அதற்கு 0.05 போதும்.

எல்லா இடத்திலும் கணக்கு கைகொடுக்காது. வால்யூம் கண்ட்ரோல் 10 கிலோ ஓமா, 100 கிலோ ஓமா என்று மங்கியிருந்தால், இரண்டிலும் சர்க்யூட் ஓடத்தான் செய்யும். அங்கே பக்கத்தை மறுபடி வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இந்தக் குழப்பத்துக்காகத்தான் சில இதழ்கள் 4.7 கிலோ ஓமை 4k7 என்று அச்சிடுகின்றன. புள்ளி அழியலாம்; எழுத்து அவ்வளவு எளிதில் அழியாது.

கடையில் கெப்பாசிட்டர் கேட்கும்போது அதன் வோல்டேஜையும் சொல்ல வேண்டும். படத்தில் அது பெரும்பாலும் எழுதியிருக்காது. இந்த 9 வோல்ட் சர்க்யூட்டின் C1, C2 இரண்டுக்கும் 16 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.