டிரைவில் யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம்?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முன்பெல்லாம் அய்யம்பேட்டையிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் ஜெராக்ஸ் கட்டோடு நமது அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள். சில ஆண்டுகளாக அதைக் கூகுள் படிவத்துக்கு மாற்றிவிட்டோம். பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், குடும்பத்தின் வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் என எல்லாம் படமாக வந்து கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் சேர்ந்துவிடும். கணவரை இழந்த சகோதரிகளுக்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவியின் பட்டியலும் அதே டிரைவில்தான் இருக்கிறது. வாங்குபவரின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று இரும்பு அலமாரியில் பூட்டி வைத்த நோட்டு அது. இப்போது டிரைவில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ற மாதம் அலுவலகத்துக்குப் புதிய கைப்பேசி வாங்கினோம். கணக்கை அதில் மாற்றும்போது கூகுளின் ஒரு பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தோம். நமது கணக்கோடு இணைந்திருக்கும் வெளிச் செயலிகளின் பட்டியல் அது. ஒன்றோ இரண்டோ இருக்கும் என்றுதான் நினைத்தோம். ஒன்பது பெயர்கள் இருந்தன. அவற்றில் நான்கு செயலிகளைப் பழைய கைப்பேசியிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டோம். ஒன்றின் பெயர் அலுவலகத்தில் யாருக்குமே நினைவில்லை.

கைப்பேசியில் நீக்கிய செயலி இங்கே ஏன் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முதலில் புரியவில்லை. நெல் கிடங்கின் சாவியை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். படங்களைப் பி.டி.எஃப் ஆக்கும் ஒரு செயலியைப் பதிவிறக்குகிறோம். “உங்கள் டிரைவைத் திறக்கலாமா?” என்று அது கேட்கிறது, நாம் “Allow” என்பதை அழுத்துகிறோம். அந்த நொடியில் கூகுள் ஒரு சாவியை வெட்டி, அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்திடம் கொடுக்கிறது. சாவி நமது கைப்பேசியில் மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும். செயலியை நீக்கினால் சாவியோடு வந்த வேலையாள் வீட்டைவிட்டுப் போனதாக அர்த்தம். அவருடைய முதலாளியிடம் சாவி அப்படியேதான் இருக்கிறது. நாம் தூங்கும்போதும், கைப்பேசி அணைந்திருக்கும்போதும் அவர்கள் டிரைவைத் திறக்கலாம்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதாதா என்று நமது பொருளாளர் கேட்டார். போதாது. அந்தச் சாவிக்கும் பாஸ்வேர்டுக்கும் தொடர்பில்லை; செயலிக்கு நமது பாஸ்வேர்டு தெரியவே தெரியாது. ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி அந்தச் சாவியில் சேர்ந்திருந்தால் பாஸ்வேர்டு மாறும்போது அது செல்லாமல் போகும். டிரைவுக்கு மட்டும் கொடுத்த சாவி பாஸ்வேர்டு மாறிய பிறகும் வேலை செய்யும். ஆறு மாதம் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் கூகுள் அதை ரத்து செய்துவிடும். ஆனால் பின்னணியில் அடிக்கடி இயங்கும் செயலியிடம் அந்த ஆறு மாத இடைவெளியை எதிர்பார்க்க முடியாது.

இந்த வழியை ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தியதும் உண்டு. 2017 மே 3ஆம் தேதி உலகம் முழுதும் பலருக்கு, தெரிந்தவரிடமிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்களோடு ஓர் ஆவணம் பகிரப்பட்டிருக்கிறது என்றது. அழுத்தினால் திறந்தது கூகுளின் உண்மையான பக்கம்தான். ஆனால் அங்கே அனுமதி கேட்டது, “Google Docs” என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட வெளியார் செயலி. அனுமதித்தவரின் மின்னஞ்சலையும் தொடர்புகளின் பட்டியலையும் கையாளும் அனுமதி அதன் கைக்குப் போனது; அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதே கடிதம் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அதைத் தடுத்துவிட்டது. ஒருவரின் பாஸ்வேர்டும் அதில் திருடப்படவில்லை, அனுமதி மட்டுமே வாங்கப்பட்டது.

நமது நாட்டில் நடந்த இன்னொன்று பலருக்கும் நினைவிருக்கும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. சான்றிதழ் ஸ்கேன் செய்ய வீட்டுக்கு வீடு வைத்திருந்த செயலி. ஸ்கேன் செய்ததை டிரைவில் ஏற்றிவைக்கும் வசதியும் அதில் இருந்தது. தடை வந்ததும் கைப்பேசியிலிருந்து நீக்கினோம். ஆனால் அரசின் தடை ஒரு செயலி கிடைப்பதைத்தான் நிறுத்தும். ஒருவர் தன் கூகுள் கணக்கில் கொடுத்த அனுமதியை அவரேதான் திரும்பப் பெற வேண்டும். அப்போது டிரைவோடு இணைத்திருந்தவர்கள் ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லா அனுமதியும் ஒரே அளவு அல்ல. பெயரைப் பார்த்துப் பயப்படவோ நம்பவோ வேண்டாம், அதன் கீழே கூகுள் எழுதியிருக்கும் வாக்கியத்தைப் படியுங்கள். “See, edit, create, and delete only the specific Google Drive files you use with this app” என்று இருந்தால், அந்தச் செயலியைக் கொண்டு நாம் உருவாக்கிய அல்லது திறந்த கோப்புகளை மட்டுமே அது தொடும். ஒரு அறையின் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். “See, edit, create, and delete all of your Google Drive files” என்று இருந்தால் முழுக் கிடங்கும் திறந்துவிட்டது. பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். இவற்றுக்கு நடுவே “See and download all your Google Drive files” என்று ஒன்று உண்டு. அழிக்க முடியாது என்பதால் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆதார் படத்தை வைத்திருக்கும் நமக்கு, எடுத்துக்கொண்டு போவதும் பெரிய சேதம்தான். “only” என்ற ஒரு சொல் இருக்கிறதா, “all” இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எங்களது ஒன்பதில் மூன்று முழுச் சாவிகள். அவற்றை நீக்கிய விதத்தைச் சொல்கிறோம். கணினியிலோ கைப்பேசியிலோ `myaccount.google.com/connections` என்ற முகவரியைத் திறக்க வேண்டும். முதலில் மேல் மூலையில் எந்தக் கணக்கு என்று பாருங்கள். ஒரே கைப்பேசியில் மூன்று ஜிமெயில் வைத்திருக்கும் வீடுகள் நம்மில் நிறைய. செயலியின் பெயரைத் தொட்டு “See details” பார்த்தால், மேலே சொன்ன வாக்கியம் அங்கே இருக்கும். வேண்டாமென்றால் “Remove access” அல்லது “Delete all connections you have with” என்று தொடங்கும் வரியை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். ஒரு செயலிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வேகத்தில் நான்காவதாக ஒன்றையும் நீக்கினோம். விண்ணப்பித்தவருக்கு “கிடைத்தது” என்று தானாகக் கடிதம் அனுப்பும் துணைச் செயலி அது. இரண்டு நாள் யாருக்கும் கடிதம் போகவில்லை, பெற்றோர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மீண்டும் அனுமதி கொடுத்தோம். ஏற்கெனவே வந்திருந்த விண்ணப்பங்கள் அப்படியே இருந்தன. அனுமதியை நீக்குவதால் டிரைவில் கண்ணுக்குத் தெரியும் கோப்புகள் அழியாது.

வாட்ஸ்அப் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். கணினியில் டிரைவைத் திறந்து “Settings”, பிறகு “Manage apps” என்று போனால் வாட்ஸ்அப்பின் பெயரும் தென்படலாம். உரையாடல்களின் காப்புப் பிரதியை அது நமது டிரைவில் மறைவாக வைத்திருக்கும். அங்கே “Delete hidden app data” என்பதை அழுத்தினால் அந்தப் பிரதி போய்விடும். சவூதியிலிருக்கும் மகன் அனுப்பிய குரல் செய்திகளை வைத்திருக்கும் தாய்மார்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. விண்ணப்பங்களைச் சரிபார்க்கக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பிக்கு உதவித்தொகை ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தோம். அவருடைய பட்டியலையும் காட்டச் சொன்னோம். கோப்புகளை மாற்றித்தரும் ஒரு இலவசச் செயலிக்கு அவர் முழுச் சாவி கொடுத்திருந்தார். முழுச் சாவி என்பது அவருடைய சொந்தக் கோப்புகளோடு நிற்பதில்லை. அவரோடு மற்றவர்கள் பகிர்ந்தவற்றுக்கும் அது செல்லும். அப்படியானால் நமது கணக்கை எவ்வளவு சுத்தம் செய்தாலும், அவர் கணக்கு வழியாக அந்தச் செயலி பிள்ளைகளின் பாஸ்புத்தகப் படங்களைத் திறந்திருக்க முடியும். தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்த ஃபோல்டரையும் வருடக்கணக்கில் பகிர்ந்து வைத்தது நாங்கள்தான்.

திறந்ததா என்று கேட்டால், எங்களால் சொல்ல முடியவில்லை. நம்மைப் போன்ற இலவசக் கணக்கில், கோப்பை யார் மாற்றினார் என்பது “Activity” பகுதியில் தெரியும். ஒரு செயலி வெறுமனே படித்ததும் நகல் எடுத்ததும் அங்கே பதிவாவதில்லை. அனுமதியை நீக்குவது இனி வருவதை அடைக்கும். எடுத்துச் சென்றதைத் திருப்பித் தராது. அதனால் அந்தத் தம்பி செயலியில் தன் கணக்கை அழித்துவிட்டு, வைத்திருக்கும் நகல்களை அழிக்குமாறு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினார், அதன் பிறகு கூகுளில் அனுமதியை நீக்கினார். இந்த வரிசையில் செய்வதே வசதி. முதலில் அனுமதியை நீக்கிவிட்டால், கணக்கை அழிப்பதற்காக மறுபடி உள்ளே நுழையும்போது அது மீண்டும் அனுமதி கேட்கும். பலவற்றை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டம் இருக்கும். டிரைவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

கடந்த மூன்று ஆண்டுகளில் நமது படிவத்தில் விண்ணப்பித்த குடும்பங்களுக்கு இதைச் சொல்வது எங்கள் மீதுள்ள கடமை. உங்கள் ஆவணங்கள் எங்களிடம் அமானிதம். வெளியே போனதாக எந்த அறிகுறியும் இதுவரை இல்லை, போகவில்லை என்ற உறுதியும் எங்களிடம் இல்லை. யாராவது உங்கள் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ சொல்லி, உதவித்தொகை பற்றி என்று தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்டால், அது நாங்கள் அல்ல. உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் அழையுங்கள். உதவித்தொகை முடிவான ஆண்டுகளின் ஆதார், பாஸ்புத்தகப் படங்களை டிரைவிலிருந்து அழித்துவிட்டோம். இனிச் சரிபார்ப்பவர்களுக்கு ஃபோல்டர் பகிரப்படாது. அலுவலகக் கணினியில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள்.