சாலை இல்லாத போர்க்களம்

தென் வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில், கம்போடிய எல்லையோரம் இருக்கும் சூ போங் மலையடிவாரத்துக்குச் சாலை கிடையாது. காட்டு வழியே நடந்துபோகும் படையின் வரவு, அது போய்ச் சேருமுன்பே எதிரிக்குத் தெரிந்துவிடும். 1965 நவம்பர் 14 அன்று அமெரிக்கப் படையின் ஒரு பட்டாலியன் அங்கே ஹெலிகாப்டரில் போய் இறங்கியது. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹால் மூர். இறங்கிய வெட்டவெளிக்கு வைத்த பெயர் எக்ஸ்-ரே.

முதலில் தொலைவிலிருந்த பீரங்கிகள் வெட்டவெளியின் ஓரங்களைச் சுட்டன. அவை ஓய்ந்ததும் ராக்கெட் பொருத்திய ஹெலிகாப்டர்கள் தாக்கின. அந்தச் சூடு ஆறுவதற்குள் வீரர்களை ஏற்றிவந்த ஹியூயி ஹெலிகாப்டர்கள் தரையிறங்கின.

சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. கிடைத்தவை 16 ஹெலிகாப்டர்கள். வெப்பமான காற்றில் தூக்குவிசை குறையும். எரிபொருளின் எடையும் சேர்ந்ததால், முதல் நடையில் சுமார் 80 பேரைத்தான் கொண்டுவர முடிந்தது. போய்த் திரும்ப அரை மணி நேரம். ஆகவே சுமார் 450 பேர் கொண்ட பட்டாலியன் முழுதும் வந்துசேரப் பிற்பகலாகிவிடும். அதற்குள் மலையிலிருந்த வட வியட்நாமியப் படை இறங்கிவந்து தாக்கியது. ஐந்தாம் நடை வந்தபோது வெட்டவெளியே துப்பாக்கிச் சூட்டில் சிக்கியிருந்தது.

காயம்பட்டோரை ஏற்றும் மருத்துவ ஹெலிகாப்டர்கள் சூடு நடக்கும் இடத்தில் இறங்க மறுத்தன. துருப்புகளை ஏற்றிவந்த விமானிகளான மேஜர் புரூஸ் கிராண்டலும் கேப்டன் எட் ஃப்ரீமனும் அந்த வேலையையும் தாமே ஏற்றார்கள். போகும்போது தோட்டாப் பெட்டிகள், திரும்பும்போது காயம்பட்டவர்கள். அன்று சுமார் 70 பேர் அப்படி மீட்கப்பட்டார்கள். பின்னாளில் இருவருக்கும் அமெரிக்காவின் உயரிய வீர விருது கிடைத்தது.

மூன்று நாள் சண்டையில் 79 அமெரிக்கர்கள் இறந்தாலும் பட்டாலியன் நிலைகுலையவில்லை. தோட்டாவும் தண்ணீரும் துணைப்படையும் வான்வழியே வந்துகொண்டிருந்ததும், வெளியே இருந்த பீரங்கிகளும் விமானங்களும் ஓயாமல் சுட்டதுமே அதற்குக் காரணம்.

எதிர்த்தரப்பும் பாடம் கற்றது. ராக்கெட்டும் பீரங்கியும் எதிரியையும் தன் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை; எனவே அமெரிக்கர்களை நெருங்கி ஒட்டி நின்றால் அவற்றைப் பயன்படுத்த முடியாது. நவம்பர் 17 அன்று இன்னொரு பட்டாலியன், ஆல்பனி என்ற இடத்துக்குக் கால்நடையாகப் போகையில் உயரமான புல்வெளியில் தாக்கப்பட்டது. இரு தரப்பும் கலந்துவிட்டதால் வான்வழி உதவி வெகுநேரம் பயன்படவில்லை. அங்கே 150க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டனர்.

அடுத்த ஆண்டுகளில் இரு தரப்பும் தம் முறையை மாற்றின. தாக்குதலுக்கென்றே வடிவமைத்த ஒடுக்கமான கோப்ரா ஹெலிகாப்டரை அமெரிக்கா 1967இல் களமிறக்கியது. ஹெலிகாப்டர் இறங்கத் தோதான வெட்டவெளிகள் காட்டில் சிலவே என்பதால், வட வியட்நாமியர் அவற்றைச் சுற்றி எந்திரத் துப்பாக்கிகளை முன்கூட்டியே நிறுத்தி வைத்தார்கள்.