காசு கொடுத்தும் கைவிட்டுப் போன விளையாட்டு

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014-இல் வந்தது. 2023 டிசம்பரில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். புதிதாக வாங்க முடியவில்லையே தவிர, ஏற்கெனவே வாங்கியவர்கள் வழக்கம்போல டவுன்லோடு செய்து ஆடினார்கள். விற்பனை நிறுத்தம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

2024 மார்ச் 31-இல் சர்வரையும் நிறுத்தியபோதுதான் அடி விழுந்தது. தனியாக ஓட்டினாலும் இந்த விளையாட்டுக்கு நிறுவனத்தின் சர்வர் தேவை. அதனால் கடையில் வாங்கிய டிஸ்க்கும் வீணானது. பிறகு சிலரது கணக்கில் உரிமமே ரத்தானது. வாங்கியது ஆடும் அனுமதி மட்டுமே என்று நிபந்தனைகளில் இருக்கத்தான் செய்கிறது, யார் படிக்கிறார்கள்? இதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது 2025-இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம். நிரந்தரமாக டவுன்லோடு செய்து, இணையம் இல்லாமலே ஆடக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு.