25 வடிவம், 4 நிறம், 100 படம்: விளக்கு வியாபாரிகளுக்கு ஓர் அட்டவணை வழி

தாசேக் கெலுகோர் – தீபாவளி நெருங்கும்போது வீட்டிலிருந்தே வண்ண அகல் விளக்குகளை விற்பவர்கள், புலனத்தில் அனுப்ப ஒரு விலைப்பட்டியல் தயாரிப்பார்கள். 25 வடிவங்களை 4 நிறங்களில் விற்பதாக வைத்துக்கொண்டால், பட்டியலுக்கு 100 படங்கள் வேண்டும். இன்னும் வண்ணம் பூசாத விளக்குகளுக்கு முன்பதிவு வாங்க நினைப்பவர்கள், செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் 100 முறை தனித்தனியாகத் தட்டச்சு செய்தால், ஒவ்வொரு படமும் வெவ்வேறு பின்னணியிலும் வெளிச்சத்திலும் வந்து நிற்கும். இதைத் தவிர்க்க எக்செல் போன்ற ஓர் அட்டவணை போதும்.

அட்டவணையின் முதல் நிரலில் குறியீடு, இரண்டாவதில் தமிழ்ப் பெயர், மூன்றாவதில் தோற்ற விளக்கம், நான்காவதில் நிறம் இருக்கட்டும். எல்லாப் படங்களுக்கும் பொதுவான வாசகத்தை G1 என்ற ஒரே கட்டத்தில் மட்டும் எழுத வேண்டும். ஒற்றைப் பொருள், நடுவில், சற்று மேலிருந்து பார்த்த கோணம், மென்மையான வெளிச்சம், வெளிர் சாம்பல் பின்னணி என்பவை அதில் அடங்கும். பிறகு ஐந்தாவது நிரலில், E2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை இட்டு, 101ஆவது வரி வரை இழுத்துவிடலாம்.

```
=C2&", painted "&D2&". "&$G$1
```

இதில் டாலர் குறிகள்தான் முக்கியம். அவை இல்லாவிட்டால், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது G1 என்பது G2, G3 என்று மாறிக்கொண்டே போகும். அந்தக் கட்டங்கள் காலியானவை. முதல் படம் மட்டும் சரியாக வந்து, அடுத்தவை எல்லாம் ஆளுக்கொரு பின்னணியில் வந்தால், இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அறியலாம்.

தோற்ற விளக்கத்தில் பொருளின் பெயரை எழுதினால் போதாது. கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். ‘அகல் விளக்கு’ என்றோ வெறுமனே ‘oil lamp’ என்றோ கொடுத்தால், கண்ணாடிக் கூண்டு விளக்கோ அலாவுதீன் விளக்கோ வரக்கூடும். ‘Small shallow clay bowl with a pinched lip, one cotton wick’ என்று வடிவத்தைச் சொன்னால் கருவி தடுமாறாது. நிறத்திலும் அப்படியே. ‘மயில் கழுத்து நிறம்’ நமக்குப் புரியும். கருவிக்கு ‘dark greenish blue’ என்பதே தெளிவு.

அட்டவணையை CSV கோப்பாகச் சேமித்தால், ஒரு சிறிய நிரல் வரிக்கு வரி படித்து, படச்சேவைக்கு அனுப்பி, வரும் படத்தைக் குறியீட்டின் பெயரிலேயே சேமிக்கும். V07-RED.png என்று இருந்தால்தான் பின்னால் எது எந்த விளக்கு என்று தெரியும். பல சேவைகள் படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதால், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த வரியைத் தாண்டிச் செல்லுமாறு நிரலை அமைக்க வேண்டும். அப்போது 60ஆவது படத்தில் இணையம் அறுந்தாலும், முதல் 59 படங்களுக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியதில்லை.

நூறையும் ஓட்டுவதற்கு முன் மூன்று வரிகளை மட்டும் சோதிப்பது நல்லது. மிக எளிய விளக்கு ஒன்று, வெள்ளை நிற விளக்கு ஒன்று, ஐந்து முக விளக்கு ஒன்று. வெள்ளைப் பின்னணி வைத்திருந்தால் வெள்ளை விளக்கின் விளிம்பு கரைந்துபோகும்; பொதுவாசகத்தில் சாம்பல் நிறம் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஐந்து முகம் கேட்டால் நான்கோ ஆறோ வருவதும் உண்டு. எண்ணிக்கையில் இந்தக் கருவிகள் அடிக்கடி தவறும். அதைக் கண்ணால் எண்ணித்தான் பிடிக்க முடியும். முழுவதும் முடிந்ததும், 100 படங்களையும் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால், விலகி நிற்பவை உடனே தெரியும். அந்த வரிகளை மட்டும் திருத்தி, பழைய கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டலாம்.

ஒன்று மட்டும் இந்த வழியால் ஆகாது. ‘சிவப்பு’ என்று 25 முறை கேட்டால் 25 விதச் சிவப்பு வரலாம்; அவற்றில் எதுவும் கடையில் வாங்கிய சாயத்தின் சிவப்பாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தடை செய்கிறது. படத்தில் இருந்த விளக்கு கைக்கு வரவில்லை என்றால், வாங்கியவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். ஆகவே உருவாக்கிய படங்களின் அருகில் ‘மாதிரிப் படம், நிறம் சற்று மாறலாம்’ என்று எழுத வேண்டும். ஆனால் ஐந்து முக விளக்குக்கு ஆறு முகம் காட்டிய படத்தை அந்த வரி காப்பாற்றாது. அதை நீக்கிவிட வேண்டும். விளக்கு பூசி முடிந்த அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதே குறியீட்டின் பெயரில் சேமித்து, மாதிரிப் படத்தின் இடத்தில் வைத்துவிடலாம்.